அண்ணன் ஆங்கிலத்தில் எழுதிய கல்யாண நாள் வாழ்த்துரை, தமிழில் சிரிப்பு வரவில்லை

சிவப்புக்குடை

அம்மா அப்பாவின் 40ஆவது கல்யாண நாள் வருகிறது. அண்ணன் ஆங்கிலத்தில் ஒரு டோஸ்ட் எழுதியிருக்கிறான், படித்தால் சிரிப்பும் வருகிறது, கடைசியில் தொண்டையும் அடைக்கிறது, அவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் பாட்டி, பெரியப்பா, பெரியம்மா, அத்தைகள். அவர்களுக்கு ஆங்கிலம் ஓரளவு புரியும், நகைச்சுவை புரியாது. அதனால் தமிழில் மாற்றித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டான். வரிக்கு வரி மாற்றிவிட்டேன், அர்த்தம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் டப்பிங் படம் பார்ப்பது போல இருக்கிறது. சிக்கும் இடங்கள் இவை:

தொடக்கத்திலேயே "நாற்பது வருஷம்! கொலை செய்தவர்களுக்குக்கூட இதைவிடக் குறைவாகத்தான் கொடுப்பார்கள்" என்று ஒரு ஜோக்.

அடுத்து, முதல் முறை அம்மாவிடம் பேசியபோது அப்பா பதற்றத்தில் தன் பெயரையே தப்பாகச் சொன்ன கதை.

அப்புறம் "அம்மா மிஸ்டர் ரைட்டைக் கல்யாணம் செய்துகொண்டார், அவருடைய முதல் பெயர் ஆல்வேஸ் என்பது பிறகுதான் தெரிந்தது" என்கிற வரி. இதை எப்படித் தமிழாக்குவது என்று எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை.

பிறகு கார் ஜோக். "அம்மா வழி சொல்வதை ஒருபோதும் நிறுத்தாததால் அப்பா நாற்பது வருஷத்தில் ஒருமுறைகூட வழி தவறியதில்லை." ஆங்கிலத்தில் எல்லோரும் சிரிக்கிற வரி இது. என் தமிழில் நானே சிரிக்கவில்லை.

கடைசியில் "அவர் அவளுக்குப் பாறை, அவள் அவருக்குத் திசைகாட்டி", "நாங்கள் உங்களை நேசிக்கிறோம்", "கோப்பைகளை உயர்த்துங்கள்".

அண்ணன் தமிழ் நன்றாகப் பேசுவான், படிக்கத்தான் தடுமாறுவான். மேடையில் அவனே பேச வேண்டும் என்பது அவன் ஆசை.

கீழ்வீட்டுக்காரர்

வாழ்த்துகள்! அண்ணனுக்குக் கல்யாண நாள் என்றால் "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்று முடித்துவிடுங்கள், பெரியவர்களுக்குப் பிடிக்கும், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

சிவப்புக்குடை

அண்ணனுடைய கல்யாண நாள் இல்லை ஐயா, அம்மா அப்பாவுடையது. அண்ணன் பேசுகிறான்.

கீழ்வீட்டுக்காரர்

ஓ, சரி சரி. அப்படியென்றால் அது வேண்டாம். பெற்றவர்களைப் பார்த்துப் பிள்ளை அதைச் சொன்னால் சபை வேறு விதமாகச் சிரிக்கும்.

மேடைப்பிரியன்

முதல் வேலையாக எல்லாவற்றையும் மரியாதைக்கு மாற்றுங்கள். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே யூ தான், தமிழில் அப்படி முடியாது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் "நீங்கள்", "சொன்னார்", "செய்தார்" என்று சீராக வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அப்புறம் நல்ல மேடைத் தமிழில் எழுதுங்கள், பெரியவர்கள் கேட்டுப் பழகியது அதுதான். அப்பாவைக் கிண்டல் செய்யும் வரிகளை எடுத்துவிடுங்கள். பெரியப்பா முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய தம்பியைப் பிள்ளை நக்கல் அடித்தால் நன்றாக இருக்காது.

பழைய டைப்பிஸ்ட்

மேடைப்பிரியன் சொல்வதில் பாதியை நான் ஏற்கிறேன். பெரியவர்கள் முன்னால் மகன் அப்பாவை நேரடியாகக் கிண்டல் செய்தால் உறுத்தும், அது உண்மை. ஆனால் அதற்காக ஜோக்கை எடுத்துவிட்டால் பேச்சில் அப்பாவே இருக்க மாட்டார். ஜோக் இருக்கட்டும், அதைச் சொல்கிற வாயை மாற்றினால் போதும். நான் பல வருஷமாகக் குடும்ப விழாக்களுக்கு இப்படி இரண்டு மொழிகளிலும் எழுதிக் கொடுத்து வருகிறேன். மகன் சொன்னால் துடுக்காகத் தெரியும் அதே வரியை, அம்மா சொன்னதாகவோ அப்பாவே தன்னைப் பற்றிச் சொன்னதாகவோ சொன்னால் சபை ரசித்துச் சிரிக்கும். அதற்குத் தமிழில் ஒரு வசதி தயாராக இருக்கிறது. "சொன்னாராம்", "பார்த்தாராம்" என்கிற அந்த "ஆம்" தான்.

உங்கள் பெயர்க் கதையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் "அப்பா தன் பெயரைத் தப்பாகச் சொன்னார்" என்று இருக்கும். அதை அப்படியே தமிழில் சொன்னால் பக்கத்தில் நின்று பார்த்தவன் சாட்சி சொல்வது போல இருக்கிறது, அண்ணன் அப்போது பிறக்கவே இல்லையே. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"முதல் தடவை அம்மாகிட்ட பேசப் போனப்போ அப்பாவுக்குப் பதற்றத்துல தன் பேரே தப்பா வந்துடுச்சாம். அதுக்கு அம்மா, 'பரவாயில்ல, ஞாபகம் வந்தப்புறம் சொல்லுங்க'ன்னாங்களாம்."

"ஆம்" வந்தவுடனே இது வீட்டில் பல தடவை சொல்லிச் சிரித்த கதை என்பது கேட்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். கிண்டல் செய்தவர்கள் அம்மா, மகன் எடுத்துச் சொல்கிறான், அவ்வளவுதான். பெரியப்பாவும் தாராளமாகச் சிரிக்கலாம். அம்மா அப்படிப் பதில் சொன்னார்களா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், நான் உதாரணத்துக்கு எழுதினேன்.

இதிலும் ஒரு எல்லை உண்டு. அண்ணன் கண்ணால் பார்த்ததற்கு "ஆம்" போடக் கூடாது. "நேத்து அப்பா அம்மாவுக்கு போன் பண்ணினாராம்" என்றால் அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லாதது போலக் கேட்கும். பிறப்பதற்கு முன் நடந்ததற்கு "ஆம்", பார்த்ததற்கு நேரடியாக, இந்தப் பிரிவை எங்கேயும் விட வேண்டாம்.

கொலை ஜோக் போக வேண்டும். ஆங்கிலத்தில் அது விழாக்களில் தேய்ந்துபோன ஜோக், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். தமிழில் மங்கலமான நாளில் முதல் வாக்கியத்திலேயே கொலையும் தண்டனையும் வந்தால் பாட்டிக்கு முகம் சுருங்கும், அப்புறம் வரும் நல்ல வரிகளுக்கும் அந்த முகம் மலராது. ஆயுள் தண்டனை என்று மென்மையாக்கினாலும் இதே கதைதான்.

நாலாவது வரிசை

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தம்பி ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்ல, மாமா பக்கத்தில் நின்று தமிழில் ஒரு வரி சொன்னார். நல்ல யோசனை என்றுதான் நினைத்தோம். இளசுகள் எல்லாம் ஆங்கிலத்திலேயே சிரித்து முடித்துவிடுவார்கள், பெரியவர்கள் எதற்கென்று தெரியாமல் சுற்றிப் பார்ப்பார்கள், பிறகு மாமா தமிழில் சொல்லும்போது சிரித்தவர்களே அமைதியாக இருப்பார்கள். எங்கள் அத்தை, "என்னடி, என்னைப் பத்தி ஏதாவது சொல்றானா?" என்று என் காதில் கேட்டார். அதைக் கேட்டதும் எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. நேரமும் இரட்டிப்பு.

சிவப்புக்குடை

ஐயோ, நாங்களும் வரிக்கு வரி என்றுதான் நினைத்திருந்தோம்.

பழைய டைப்பிஸ்ட்

வேண்டாம். முதலில் தமிழ் முழுவதும், பிறகு ஆங்கிலம் சுருக்கமாக. பெரியவர்கள்தான் முதலில் சிரிக்க வேண்டும், இளையவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் ஜோக் புரியும், எதிர்ப்பக்கம் அப்படி இல்லை. ஒரே ஜோக்கை இரண்டு மொழியிலும் சொல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. கார் ஜோக் தமிழில் மட்டும் இருக்கட்டும், ஆல்வேஸ் ஜோக் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கட்டும். இரண்டு பேச்சும் ஒன்றுக்கொன்று நகலாக இருக்க வேண்டியதில்லை. நேரமும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினால் சொற்களின் எண்ணிக்கை குறையும், சொல் நீளமாவதால் பேசும் நேரம் குறையாது. ஆங்கிலத்தில் மூன்று நிமிஷப் பேச்சை முழுவதும் மாற்றினால் தமிழிலும் மூன்று நிமிஷம் இருக்கும், ஆறு நிமிஷம் யாரும் கவனமாகக் கேட்க மாட்டார்கள்.

மல்லிகைப்பந்தல்

ஆல்வேஸ் ஜோக்கைத் தமிழில் ஏன் கைவிட வேண்டும்? அப்பா எப்போதும் தான் சொல்வதே சரி என்பார், அதுதானே விஷயம்? நம்மிடம் "சரி" என்ற சொல்லே இரண்டு வேலை பார்க்கிறது. இப்படி வைத்துப் பாருங்கள்:

"எங்க வீட்ல அப்பா சொல்றது எப்பவும் சரிதான். அம்மா எதைச் சொன்னாலும் அப்பா சொல்றது, 'சரி'தான்."

சிவப்புக்குடை

இதைப் படித்துவிட்டு நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எங்கள் அப்பா அப்படியேதான்!

பழைய டைப்பிஸ்ட்

அருமை. ஆங்கில ஜோக்கில் அப்பா பிடிவாதக்காரர், இதில் பணிந்து போகிறவர். ஆளே மாறிவிட்டார், ஆனால் மகளே "அப்படியேதான்" என்று சொல்லும்போது எனக்கு ஆட்சேபணை இல்லை. வீட்டு விழாப் பேச்சில் எழுதிய வரிக்கு உண்மையாக இருப்பதைவிட எழுதப்பட்ட ஆளுக்கு உண்மையாக இருக்க வேண்டும். அண்ணனிடம் மட்டும் காட்டிவிடுங்கள், அவன் அப்பாவின் பிடிவாதத்தைத்தான் சொல்ல நினைத்திருந்தால் இது அவனுடைய ஜோக் இல்லை.

மேடைப்பிரியன்

கார் ஜோக்குக்கு என் முயற்சி: "நாற்பது வருஷத்துல அப்பா ஒரு தடவைகூட வழி தவறினதில்ல. ஏன்னா அம்மா ஒரு தடவைகூட வாய மூடினதில்ல." நீங்கள் எழுதியதில் காரணம் முன்னாலேயே வந்துவிடுகிறது, அதனால்தான் சிரிப்பு வரவில்லை என்று நினைக்கிறேன்.

பழைய டைப்பிஸ்ட்

பிரித்தது மிகச் சரி. "நிறுத்தாததால்" என்று எழுதும்போதே குட்டு உடைந்துவிடுகிறது, "வழி தவறியதில்லை" என்று முடியும்போது புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் மிச்சம் இல்லை. ஆங்கிலத்தில் காரணம் வாக்கியத்தின் கடைசியில் போய் உட்காரும், எழுத்துத் தமிழில் அது முன்னால் ஓடி வந்துவிடும். இரண்டு வாக்கியமாக உடைத்து நடுவில் ஒரு "ஏன்னா" போட்டால் பழைய வரிசை திரும்பக் கிடைக்கிறது. இன்னொரு வழி கேள்வி. "அப்பா ஒரு தடவைகூட வழி தவறினதில்ல. ஏன் தெரியுமா?" என்று நிறுத்தினால் சபையிலேயே யாராவது "உங்கம்மா!" என்று குரல் கொடுப்பார்கள், அதுவே பெரிய சிரிப்பாகிவிடும்.

ஆனால் மகன் அம்மாவைப் பார்த்து "வாய மூடினதில்ல" என்று சொல்லலாமா? அம்மா சிரிப்பார்கள், அத்தை சிரிப்பார்கள், பாட்டி சிரிக்க மாட்டார்கள்.

மல்லிகைப்பந்தல்

வாய்க்குப் பதிலாகக் கண் என்று வையுங்களேன். "நாற்பது வருஷத்துல அப்பா ஒரு தடவைகூட வழி தவறினதில்ல. ஏன்னா, பக்கத்து சீட்ல அம்மா ஒரு தடவைகூடக் கண்ண மூடினதில்ல."

பழைய டைப்பிஸ்ட்

இதையே வையுங்கள், வேறு எதுவும் வேண்டாம். பயத்தில் தூங்கவில்லை என்று ஒருவர் எடுத்துக்கொண்டு சிரிப்பார், துணையாக விழித்திருந்தார் என்று இன்னொருவர் எடுத்துக்கொள்வார். "கண்ண" என்பதற்கு முன்னால் அண்ணன் ஒரு மூச்சு விட வேண்டும். எல்லோரும் "வாய" என்றுதான் எதிர்பார்ப்பார்கள்.

நாலாவது வரிசை

பாறை, திசைகாட்டி வரியை என்ன செய்வது? "அப்பா அம்மாவுக்குப் பாறை" என்றால் நம் ஊரில் கல்நெஞ்சக்காரர் என்றல்லவா கேட்கும்.

மேடைப்பிரியன்

தூண் என்று மாற்றலாம். "அப்பா தூண், அம்மா விளக்கு." மேடைக்கு நன்றாக இருக்கும்.

பழைய டைப்பிஸ்ட்

தூண், விளக்கு எல்லாம் யாருடைய அம்மா அப்பாவுக்கும் பொருந்தும். சிவப்புக்குடை, அந்த வரியில் அண்ணன் சொல்ல வருவது அப்பா அம்மாவைத் தாங்குகிறார் என்பது. வீட்டில் அது எப்படித் தெரியும்? அப்பா வாயால் சொல்லாமல் கையால் செய்கிற ஒரு சின்ன வேலை இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள்.

சிவப்புக்குடை

யோசித்தேன். அப்பா தூங்கப் போகும் முன் அம்மாவுடைய போனை எடுத்துப் பார்ப்பார். மெசேஜ் பார்க்க இல்லை, சார்ஜ் இருக்கிறதா என்று. குறைவாக இருந்தால் தன்னுடைய போனைக் கழற்றிவிட்டு அம்மாவுடையதை மாட்டுவார். காலையில் அவர் போன் செத்துக் கிடக்கும், அதற்கும் அம்மாதான் கத்துவார்கள், "உங்க போன சார்ஜ் போட மாட்டீங்களா"ன்னு.

மல்லிகைப்பந்தல்

இதுதான்! பாறை, திசைகாட்டி இரண்டையும் எடுத்துவிட்டு இதை வையுங்கள். அம்மாவின் கத்தலோடு முடித்தால் சிரிப்பும் வரும், கண்ணும் நிறையும்.

பழைய டைப்பிஸ்ட்

"செத்துக் கிடக்கும்" மட்டும் மேடையில் வேண்டாம், "சார்ஜ் இல்லாம கிடக்கும்" போதும். மற்றபடி நீங்கள் எழுதிய மாதிரியே அண்ணன் சொல்லட்டும். இந்த வரி வந்துவிட்டால் "நாங்கள் உங்களை நேசிக்கிறோம்" தேவையே இல்லை. தமிழில் அந்த வாக்கியத்தை வீட்டில் யாரும் யாரிடமும் சொல்வதில்லை, அதனால் எத்தனை உண்மையாகச் சொன்னாலும் எழுதி வைத்துப் படித்தது போலத்தான் கேட்கும். "காதலிக்கிறோம்" என்று மட்டும் தப்பித் தவறிக்கூட மாற்றிவிடாதீர்கள், ஒருமுறை அப்படி ஒரு மொழிபெயர்ப்பு என்னிடம் திருத்தத்துக்கு வந்தது.

இன்னொன்று, ஆங்கிலத்தில் வீ என்று வரும் ஒவ்வொரு இடத்தையும் தனியாகப் பாருங்கள். சபையைச் சேர்த்துச் சொன்னால் "நாம எல்லாரும் இங்க கூடியிருக்கோம்". அம்மா அப்பாவைப் பார்த்துப் பிள்ளைகள் சொன்னால் "நாங்க". "உங்களாலதான் நாங்க இப்படி இருக்கோம்" என்பதில் "நாம" வந்தால் அம்மா அப்பாவும் பிள்ளைகள் கூட்டத்தில் சேர்ந்துவிடுவார்கள். ஆங்கிலத்திலேயே யோசித்து எழுதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

சிவப்புக்குடை

இரண்டு இடத்தில் "நாம்" என்று போட்டிருக்கிறேன், மாற்றிவிட்டேன். நீங்க, நீ விஷயம் இன்னும் குழப்புகிறது. வீட்டில் நாங்கள் அப்பாவை "நீங்க" என்போம், அம்மாவை "நீ" என்போம்.

மேடைப்பிரியன்

மேடையில் அம்மாவுக்கும் "நீங்கள்" தான். சபை மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

பழைய டைப்பிஸ்ட்

அம்மாவைப் பற்றிச் சபையிடம் சொல்லும்போது "சொன்னாங்க", "செஞ்சாங்க". அதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் ஒரு இடத்தில் அண்ணன் அம்மா பக்கம் திரும்பி நேராகப் பேசுவான் இல்லையா, அங்கே வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே "அம்மா, நீ" என்று வரட்டும். இத்தனை வருஷம் "நீ" என்று கூப்பிட்ட பிள்ளை திடீரென்று "நீங்கள்" என்றால் அம்மாவே திரும்பிப் பார்ப்பார்கள், யாரைச் சொல்கிறான் என்று.

மேடைப்பிரியன்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வீட்டு "நீ" வீட்டுக்குள் இருக்கட்டும். பாட்டிக்கு முன்னால் மருமகளை அவள் பிள்ளை ஒருமையில் சொல்வது சில குடும்பங்களில் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கப்படும்.

நாலாவது வரிசை

எங்கள் வீட்டில் யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். வீட்டுக்கு வீடு மாறும்.

பழைய டைப்பிஸ்ட்

மாறும், ஒத்துக்கொள்கிறேன். பாட்டியிடமே கேட்டுவிடுங்கள் சிவப்புக்குடை, அவருக்கும் பேச்சில் ஒரு பங்கு கிடைத்த மாதிரி இருக்கும். மேடைத் தமிழ் விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன். "அப்பா அவர்கள் வழி தவறியதே இல்லை" என்று செந்தமிழில் சொன்னால் கை தட்டுவார்கள், சிரிக்க மாட்டார்கள். பேசுவதைப் பேச்சுத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். வணக்கம் சொல்லும் முதல் வரியும் முடிவு வரியும் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்த தமிழில் இருக்கலாம்.

மேடைப்பிரியன்

முடிவுக்கு "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்" பொருத்தம். கோப்பை உயர்த்துவதற்குச் சரியான மாற்று.

மல்லிகைப்பந்தல்

அது பேனரில் பார்த்துப் பார்த்துச் சலித்த வாக்கியம். இவ்வளவு சொந்தமாகப் பேசிவிட்டு அதில் போய் முடிக்க வேண்டுமா?

கீழ்வீட்டுக்காரர்

அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கோப்பையை எல்லோரும் ஒரே மாதிரி உயர்த்தலாம், வாழ்த்து அப்படி இல்லை. பெரியவர்கள் வாழ்த்த வேண்டும், சின்னவர்கள் வணங்க வேண்டும். பிள்ளை பெற்றவர்களை வாழ்த்தினால் என் காதுக்கு இடறுகிறது.

பழைய டைப்பிஸ்ட்

கீழ்வீட்டுக்காரர் சொல்வதை வைத்தே முடிக்கலாம். அண்ணன் வாழ்த்த வேண்டாம், வாழ்த்துவதைப் பெரியவர்கள் கையில் கொடுக்கட்டும்: "பாட்டி, பெரியப்பா, பெரியம்மா, அத்தை, நீங்க எல்லாரும் அன்னிக்கு வாழ்த்தினதுதான் நாற்பது வருஷமா இவங்களைக் கொண்டுவந்திருக்கு. இன்னொரு தடவை வாழ்த்துங்க." உடனே மைக் பாட்டியிடம் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவர் ஒரு வாக்கியம் சொன்னாலும் போதும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதன்பிறகு கோப்பையை உயர்த்திக்கொள்ளட்டும்.

சிவப்புக்குடை

அண்ணனிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "சரி" ஜோக்கையும் கண் ஜோக்கையும் உடனே எடுத்துக்கொண்டான். பெயர்க் கதையில் அம்மா சொன்ன பதிலை அம்மாவிடமே கேட்டேன். "பதிலா? நான் சிரிச்சிட்டு உள்ள ஓடிட்டேன்" என்றார்கள். அதையே வைத்துவிட்டோம், "அம்மா சிரிச்சிட்டு உள்ள ஓடிட்டாங்களாம், இன்னிவரைக்கும் அந்தப் பேரச் சொல்லித்தான் கிண்டல் பண்றாங்க" என்று. கொலை ஜோக்கை விட அவனுக்கு மனசே இல்லை, ஆங்கிலப் பகுதியில் வைத்துக்கொள்கிறேன் என்கிறான், பெரியப்பாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும் என்பதால் அது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

அவனுக்குத் தமிழ் எழுத்தைப் பார்த்து வேகமாகப் படிக்க வராது. ஆங்கில எழுத்தில் எழுதித் தரட்டுமா?

பழைய டைப்பிஸ்ட்

தரலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஆங்கில எழுத்தில் ல, ள இரண்டும் ஒன்றாகிவிடும், பேசத் தெரிந்தவன்கூட எழுத்தைப் பார்த்தவுடன் அந்நியமாகப் படிக்கத் தொடங்கிவிடுவான். நீங்கள் ஒருமுறை இயல்பாகப் பேசி போனில் பதிந்து கொடுங்கள், அவன் அதைக் கேட்டுக் கேட்டு மனசில் ஏற்றிக்கொள்ளட்டும். கையில் இருக்கும் தாளில் முழு வாக்கியம் வேண்டாம், ஒவ்வொரு கதைக்கும் ஒரு சொல் போதும்: பேர், சரி, கார், சார்ஜ், பாட்டி. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே ஒரு கோடு. குறிப்பாக "கண்ண" என்பதற்கு முன்னால்.

மேடைப்பிரியன்

அந்த "நீ" விஷயத்தில் பாட்டி என்ன சொன்னார் என்று வந்து சொல்லுங்கள்.